பழைய மரத்துக்கு வயது கணிப்பது எப்படி: கார்பன்-14, ஒரு சமன்பாடு, ஜோசர் கல்லறையின் உத்தரம்

எகிப்தில் சக்காராவில் நிற்கும் படிக்கட்டுப் பிரமிடு ஜோசர் மன்னனின் கல்லறை. அங்கிருந்து கிடைத்த வேல மர உத்தரத்தின் ஒரு துண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்டு லிபியின் குழு வெளியிட்ட கார்பன் தேதிப் பட்டியலில் C-1 என்ற எண்ணோடு முதலில் நிற்கிறது. மன்னர் வரிசையை வைத்து வரலாற்றாளர்கள் அதற்குச் சொன்ன வயது ஏறக்குறைய 4650 ஆண்டு. லிபிக்குக் கிடைத்ததோ 3979. பிழை எல்லை இருபுறமும் 350.

1950ஐ ஒட்டிய கருவிகளுக்கு அது குறைசொல்ல முடியாத விடை. ஆனால் இன்றைய கருவியால் பத்து மடங்கு துல்லியமாக அளந்தாலும், பள்ளிப் புத்தகச் சமன்பாட்டில் எண்ணை அப்படியே போட்டால் 4650 வராது. 4200ஐ ஒட்டித்தான் வரும். சமன்பாட்டில் தவறில்லை. அதற்குள் நாம் போடும் தொடக்க மதிப்புதான் சிக்கல். மரப்பொருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வயது பார்க்க நினைப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். மாதிரி எடுப்பது, கழுவுவது, கணக்குப் போடுவது என எல்லாப் படிகளும் அந்தத் தொடக்க மதிப்பைக் காப்பாற்றும் வேலைகளே.

சமன்பாடு

மரம் காற்றிலிருந்து சேர்க்கும் கார்பனில் மிகச் சிறு பங்கு, தானாகச் சிதையும் கார்பன்-14. அதன் அணு ஒன்றுக்கு முதுமை கிடையாது. நேற்று உருவானதோ ஐயாயிரம் ஆண்டு பழையதோ, அடுத்த ஓராண்டுக்குள் அது சிதைய உள்ள வாய்ப்பு ஒன்றுதான்: ஏறக்குறைய 8267இல் ஒன்று. ஆகவே ஓராண்டில் எத்தனை அணுக்கள் குறையும் என்பது அப்போது எத்தனை இருக்கின்றன என்பதை மட்டுமே சார்ந்தது. இதைக் குறியீட்டில் எழுதினால் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு:

```
dN/dt = -k N
```

N உள்ளதை ஒரு பக்கமும் t உள்ளதை மறுபக்கமும் பிரித்துத் தொகையிடுங்கள். மரம் கார்பன் சேர்ப்பதை நிறுத்திய நொடியை t = 0 என்றும், அப்போது இருந்த அணுக்களை N0 என்றும் வைத்தால்:

```
ln N = -k t + ln N0
N = N0 e^(-k t)
t = (1/k) ln(N0/N)
```

பாதி குறைய ஆகும் காலம் அரைவாழ்வு. N = N0/2 என்று போட்டால் k = 0.6931 ÷ அரைவாழ்வு என்று வந்துவிடும். கார்பன்-14இன் அரைவாழ்வு 5730 ஆண்டு, ஏறவோ இறங்கவோ 40. அப்படியானால் 1/k = 8267 ஆண்டு. மேலே சொன்ன ‘8267இல் ஒன்று’ இதிலிருந்து வந்ததுதான்.

இப்போது ஜோசர் உத்தரம் போன்ற ஒரு மரத்தை இன்றைய கருவியில் அளந்து, தொடக்கத்தில் இருந்ததில் 0.600 பங்கு எஞ்சியிருப்பதாக விடை வந்தது என்று வைத்துக்கொள்வோம். இது பயிற்சிக்காக எடுத்த எண். ஆனால் அந்தக் காலத்து மரத்துக்குப் பொருந்தும் எண். ln(1/0.6) = 0.5108. அதை 8267ஆல் பெருக்கினால் 4223 ஆண்டு.

கணக்கிடும் கருவியில் `log` பொத்தானை அழுத்தியிருந்தால் 1834 வந்திருக்கும். அது பத்தடி மடக்கை. நமக்கு வேண்டியது `ln`. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சியது பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றால் வயது 5730க்குக் கொஞ்சம் கீழேதான் இருக்க வேண்டும். 1834 அந்த இடத்தில் உட்காராது.

இன்னொரு பொறி இதைவிட வஞ்சகமானது. ‘5730 ஆண்டில் 50 சதவீதம் போகிறது, ஆகவே 40 சதவீதம் போக 4584 ஆண்டு’ என்று நேர்விகிதத்தில் கணக்குப் போட்டால், ஜோசர் காலத்து மரத்துக்கு உண்மை வயதின் பக்கத்திலேயே விடை வந்து நிற்கும். அது தற்செயல். அதே முறை, 80 சதவீதம் போன மரத்துக்கு 9168 ஆண்டு என்று சொல்லும். அடுக்குக்குறிக் கணக்கோ 13,305 என்று சொல்லும். விடை பொருந்துவதாலேயே வழி சரியாகிவிடாது.

அணுவை எண்ணுவதா, சிதைவை எண்ணுவதா

1950ஐ ஒட்டிய காற்றின் ஒப்பீட்டு அளவில், ஒரு கிராம் கார்பனில் நிமிடத்துக்குச் சராசரியாக 13.56 சிதைவு நடக்கும். சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் அந்தக் கிராமில் எத்தனை கார்பன்-14 அணு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 71 லட்சம் சிதைவு. அதை 8267ஆல் பெருக்கினால் சுமார் 5900 கோடி அணு. கேட்கப் பெரிய எண்ணாக இருந்தாலும், மொத்தக் கார்பன் அணுக்களில் இது லட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவுதான்.

லிபியின் காலத்தில் சிதைவுகளைத்தான் எண்ணினார்கள். சிதைவு தற்செயலாக நடப்பதால், n சிதைவு எண்ணினால் பிழை √n. அரைச் சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 40,000 சிதைவு எண்ண வேண்டும். 0.6 பங்கு எஞ்சிய மரத்தில் ஒரு கிராம் கார்பன் நிமிடத்துக்கு எட்டு சிதைவுதான் தரும். ஒன்றைக்கூடத் தவறவிடாத கருவியாக இருந்தாலும் மூன்றரை நாள் ஓட வேண்டும். அதற்குள் சுவர், கருவியின் உலோகம், வானத்திலிருந்து விழும் துகள்கள் எல்லாம் தம் பங்குக்குத் துடிப்புகளைச் சேர்த்துவிடும்.

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் முடுக்கி நிறைமாலைமானியில் அணுக்களையே நேராக எண்ணுகின்றன. சிதையும்வரை காத்திருப்பதில்லை. ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். அதில் மூன்றரைக் கோடி அணு எஞ்சியிருக்கும்போது 40,000ஐ எண்ணுவது பெரிய காரியமல்ல. அருங்காட்சியகப் பொருளிலிருந்து நெற்பயிரின் தாள் அளவு சீவல் எடுத்தாலே போதும் என்ற நிலை இதனால்தான் வந்தது. ஆனால் மாதிரி சிறுத்ததும் அழுக்கின் பங்கு பெருத்துவிட்டது. அதைப் பின்னால் பார்ப்போம்.

t = 0 எப்போது

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். கார்பன்-14 சொல்வது தச்சன் உளி வைத்த நாளை அல்ல. மரம் வெட்டப்பட்ட நாளையும் அல்ல. நீங்கள் சீவிய அந்த ஆண்டு வளையம் உருவான காலத்தைத்தான். மரம் ஆண்டுதோறும் பட்டைக்கு அடியில் ஒரு வளையம் போடுகிறது. உள்ளே போன வளையம் காற்றோடு கார்பன் பரிமாற்றத்தை நிறுத்திவிடுகிறது. மரம் வெளியே தழைத்துக்கொண்டிருந்தாலும் அந்த வளையத்தின் கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கிவிடும். முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் நடுவிலிருந்து துண்டெடுத்தால், வெட்டிய நாளைவிட முந்நூறு ஆண்டு பழைய தேதி வரும். அளவீட்டில் ஒரு குறையும் இராது, கேள்விதான் வேறு.

அதனால் வெளிவளையம் எங்கே என்று தேடுங்கள். பட்டை ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். பட்டைக்கு உடனே உள்ளே இருப்பது மரம் கடைசியாகப் போட்ட வளையம். பட்டை இல்லை, ஆனால் வெளிர்நிற வெளிமரம் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது என்றால், இழப்பு சில பத்து ஆண்டுகளாக இருக்கும். கருத்த உள்மரமான வைரம் மட்டும் இருந்தால், எத்தனை வளையம் செதுக்கி எறியப்பட்டது என்று சொல்ல வழியில்லை. கிடைக்கும் தேதியை ‘இதற்குப் பிறகுதான் வெட்டியிருக்க வேண்டும்’ என்று மட்டும் படிக்கலாம். நல்ல தச்சர்கள் பூச்சி அரிக்கும் வெளிமரத்தைக் கழித்துவிடுவார்கள். ஆகவே நேர்த்தியான வேலைப்பாடு உள்ள பொருளில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருக்கும்.

மறுபயன்பாடு அடுத்த சிக்கல். மரம் அரிதான நாட்டில் பழைய படகின் பலகை வீட்டுக்கு உத்தரமாகும். உத்தரம் கடைசியில் விறகாகும். எகிப்தில் இது வெளிச்சத்துக்கு வந்த விதம் பாடமாக நிற்கிறது. 1984இல் பிரமிடுகளின் சாந்தில் கலந்திருந்த கரித்துண்டுகளை அளந்தபோது, தேதிகள் வரலாற்றுக் கணக்கைவிடச் சராசரியாக 374 ஆண்டு முந்தியதாக வந்தன. 1995இல் இன்னும் அதிக மாதிரிகளோடு செய்தபோதும் நூறு முதல் இருநூறு ஆண்டு முந்தியே வந்தன. பெரும்பாலும் பழைய மரத்தை எரித்திருக்கிறார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். 2010இல் வெளியான ஆய்வு வேறு வழியில் போனது. விதை, நாணல், துணி, கூடை போன்ற ஓரிரு ஆண்டுகளே வாழ்ந்த செடிப்பொருள்களைப் பல நாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து எடுத்து அளந்தார்கள். அந்தத் தேதிகளை மன்னர் வரிசையோடு சேர்த்துக் கணித்ததில் ஜோசர் அரியணை ஏறியது கி.மு. 2691க்கும் 2625க்கும் இடையில் என்று வந்தது. உங்கள் மரப்பொருளில் கட்டிய கயிறோ, துளையில் திணித்த நாரோ, உள்ளே கிடக்கும் தானியமோ இருந்தால் மரத்தை விட்டுவிட்டு அதைக் கொடுங்கள்.

மாதிரி எடுப்பது

முடுக்கிக் கருவிக்குக் கடைசியில் வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் கார்பன்தான். இருந்தாலும் கழுவும்போது மரத்தின் பெரும்பகுதி கரைந்து போகும். எடையில் பாதிதான் கார்பன் என்பதையும் சேர்த்துக்கொண்டு 20 முதல் 50 மில்லிகிராம் மரம் கொடுப்பது பாதுகாப்பு. மக்கிய மரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

எடுக்கும் முன் பொருளைப் படம் எடுத்து, எந்த முகத்தில், வெளிவளையத்திலிருந்து எத்தனையாவது வளையத்தில் சீவுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் பின்னால் வரும் தேதியை விளக்க முடியாது. மேல்தோலை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எறிந்துவிட்டு, புதிய கத்திமுனையால் அதற்கு அடியிலுள்ள மரத்தை எடுங்கள். வார்னிஷ், மெழுகு, எண்ணெய், பசை எல்லாம் மேற்பரப்பிலும் விரிசலிலும்தான் அதிகம். விரிசலை விட்டு விலகியே எடுக்க வேண்டும். துரப்பணம் போட்டால் மெதுவாகச் சுற்றட்டும். புகை வரும் வேகத்தில் போட்டால் மரமும் கருகும், எந்த ஆழத்துத் தூள் என்பதும் குழம்பும்.

சீவலை அலுமினியத் தாளிலோ கண்ணாடிக் குப்பியிலோ வையுங்கள். பஞ்சு, காகிதம், துணி மூன்றும் வேண்டாம். அவை நேற்றைய கார்பன், நார் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். வெறுங்கையால் தொட வேண்டாம். பொருள் முன்பு பாதுகாப்புச் சிகிச்சைக்குப் போயிருக்கிறதா என்று உரியவரிடம் கேட்டு, என்ன பூசினார்கள் என்பதை எழுதி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஈர மரத்தைக் காப்பாற்றப் பயன்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பெட்ரோலியத்திலிருந்து வருவது. மரத்தின் நாளங்களுக்குள் ஊறி நிற்கும். இது தெரியாமல் அளந்த தேதியைப் பின்னால் காப்பாற்ற வழியே இல்லை.

கழுவுவது, அழுக்கின் கணக்கு

வழக்கமான முறை அமிலம், காரம், மறுபடி அமிலம். மெழுகோ பிசினோ சந்தேகம் என்றால் அதற்கு முன் அசிட்டோன் போன்ற கரைப்பான். முதல் அமிலம், பொதுவாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக், மண்ணிலிருந்து வந்த கார்பனேட்டைக் கரைக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு மண்ணின் மட்கு அமிலங்களை இழுத்துவிடுகிறது. நீர் பழுப்பாக வரும், நிறம் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். மூன்றாவது படியைச் சிலர் சும்மா நடுநிலைப்படுத்தல் என்று நினைக்கிறார்கள். காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். கடைசி அமிலம் அந்த இன்றைய கார்பனை வெளியேற்றத்தான். துல்லியம் கூடுதலாக வேண்டுமென்றால் சோடியம் குளோரைட்டால் வெளுத்து லிக்னினையும் நீக்கி, செல்லுலோஸை மட்டும் பிரிப்பார்கள். வளையம் உருவான ஆண்டில் அங்கேயே படிந்து அசையாமல் நிற்பது செல்லுலோஸ்தான். பிசின் வளையம் விட்டு வளையம் நகரும்.

பிறகு மாதிரியை எரித்துக் கார்பன் டைஆக்சைடாக்கி, இரும்புத் தூளின் மேல் ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்துக் கிராஃபைட்டாக்குவார்கள். அது ஆய்வகத்தின் வேலை.

அழுக்கு எவ்வளவு கெடுக்கும் என்பதைச் சமன்பாடே சொல்லும். 4000 ஆண்டு மரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இன்றைய கார்பன் கலந்தால் வயது சுமார் 50 ஆண்டு குறைந்து தெரியும். பெட்ரோலியக் கார்பனில் கார்பன்-14 அறவே இல்லை, கோடிக்கணக்கான ஆண்டுகளில் எல்லாம் சிதைந்துவிட்டது. அது நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தால், மரம் எந்த வயதாக இருந்தாலும் 80 ஆண்டு கூடுதலாகத் தெரியும். ஐந்து பங்கு என்றால் 400 ஆண்டுக்கு மேல்.

எதிர்ப்பக்கத்தில் கதை வேறு. 40,000 ஆண்டு மரத்தில் கார்பன்-14 ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் எஞ்சியிருக்கும். அங்கே ஒரு சதவீத இன்றைய கார்பன் கலந்தால் மரத்தின் சொந்தக் கணக்கையே அழுக்கு முந்திவிடும். 50,000 ஆண்டுக்கு அப்பால் இந்த முறை செல்லாது என்பதற்கு இதுவே நடைமுறைக் காரணம்.

ஆய்வக அறிக்கையிலிருந்து வயதுக்கு

அறிக்கையில் உங்களுக்கு வேண்டிய எண் `F14C` என்ற தலைப்பில் இருக்கும். மாதிரியின் கார்பன்-14 அளவை, 1950ஆம் ஆண்டுக்கென நிர்ணயித்த ஒப்பீட்டு அளவால் வகுத்து வந்த பின்னம் அது. செடிகள் எடை கூடிய ஐசோடோப்பைக் கொஞ்சம் குறைவாக உள்ளிழுப்பதால் வரும் வேறுபாட்டையும், கார்பன்-13 அளவைக் கொண்டு அதிலேயே திருத்தியிருப்பார்கள். நீங்கள் மறுபடி திருத்தக் கூடாது.

ஏன் 1950? ஒப்பீட்டுப் பொருளும் மாதிரியும் ஒரே k உடன் சிதைகின்றன; இரண்டின் விகிதம் காலத்தால் மாறாது. ஆகவே 1990இல் அளந்தாலும் இந்த ஆண்டு அளந்தாலும் அதே F வரும், அதே வயது வரும். `BP` என்று அறிக்கையில் இருப்பது 1950க்கு முன் என்ற பொருளில். நடப்பு ஆண்டிலிருந்து கழித்தால் தேதி எழுபது சொச்சம் ஆண்டு பிசகும். வெளியிடப்பட்ட கட்டுரைகளிலேயே இந்தப் பிழையைக் காணலாம்.

இதோ கணக்கு:

```
import math
F, dF = 0.6000, 0.0018
t  = -8033 * math.log(F)     # இங்கே log என்பது ln
dt =  8033 * dF / F
print(round(t), round(dt))   # 4103 24
```

8267 போய் 8033 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். லிபி பயன்படுத்திய அரைவாழ்வு 5568 ஆண்டு; அதற்கு 1/k = 8033. பின்னர் 5730 என்ற மேம்பட்ட மதிப்பு வந்தபோது ஏற்கெனவே ஆயிரக்கணக்கான தேதிகள் வெளியாகியிருந்தன. பழையதும் புதியதும் கலந்து குழம்பாமல் இருக்க, அறிக்கையில் எழுதும் வயதை எப்போதும் லிபியின் எண்ணிலேயே கணக்கிடுவது என்று முடிவு செய்தார்கள். 4103 ± 24 என்பது அந்த மரபுப்படி எழுதிய அளவீடு. இன்னும் நாட்காட்டி ஆண்டாகவில்லை. இதை 1.03ஆல் பெருக்கி ‘திருத்தி’விட்டு அடுத்த படிக்குப் போனால் விடை கெட்டுவிடும், அடுத்த படியில் பயன்படும் வளைகோடும் இதே மரபில்தான் வரையப்பட்டிருக்கிறது.

தொடக்க மதிப்பைத் திருத்துவது

F கணக்கில் N0 என்ற இடத்தில் நாம் போட்டது 1950ஐச் சார்ந்த ஒப்பீட்டு அளவு. காற்றில் கார்பன்-14 எந்தக் காலத்திலும் ஒரே அளவில் இருந்தது என்பது இதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். அது உண்மையல்ல. வான்வெளித் துகள்கள் மேல்வளிமண்டலத்தில் நைட்ரஜனை மோதித்தான் கார்பன்-14 உருவாகிறது. பூமியின் காந்தப்புலம் வலுவிழந்தாலோ சூரியனின் செயல்பாடு தணிந்தாலோ துகள்கள் அதிகம் உள்ளே வரும், உற்பத்தி கூடும். கடல் எவ்வளவு கார்பனை விழுங்கி வைத்திருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும்.

பழைய காற்றின் அளவை யாரும் குப்பியில் அடைத்து வைக்கவில்லை, மரங்கள் வைத்திருக்கின்றன. வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி ஆண்டு தெரிந்த மரத்துண்டுகளில் கார்பன்-14ஐ அளந்தால், அந்த ஆண்டின் N0 கிடைக்கும். உயிருள்ள மரம், பழைய கட்டட மரம், ஆற்றுப்படுகையில் புதைந்த மரம் என வளைய அமைப்பைப் பொருத்திப் பொருத்தி இந்த வரிசை பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பின்னோக்கிப் போயிருக்கிறது. இப்படிக் கிடைத்த அளவுகளை ஆண்டுவாரியாக வரைந்ததுதான் வளைகோடு. இன்று வடகோளத்துக்குப் பயன்படுவது `IntCal20`, தென்கோளத்துக்கு `SHCal20`.

கி.மு. 2700ஐ ஒட்டிய காலத்துக்கு அந்த வளைகோடு சொல்வது, காற்றில் கார்பன்-14 ஒப்பீட்டு அளவைவிட ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல் என்று. அதைத் தொடக்க மதிப்பாகப் போட்டு, உண்மையான அரைவாழ்வோடு சமன்பாட்டை மறுபடி தீர்ப்போம்:

```
0.600 = 1.05 e^(-t/8267)
t = 8267 ln(1.05/0.600) = 4626
```

1950இலிருந்து 4626 ஆண்டு பின்னால் போனால் கி.மு. 2677. (சுழியம் என்று ஓர் ஆண்டு கிடையாது; 1950 − 4626 = −2676 என்பது கி.மு. 2677.) திருத்தாத கணக்கு 4223 தந்தது. தொடக்க மதிப்பில் இருந்த ஐந்து சதவீதம் நானூறு ஆண்டை விழுங்கியிருக்கிறது. ஜோசரின் காலம் இப்போது பொருந்திவிட்டது.

நடைமுறையில் இதைக் கையால் செய்ய மாட்டீர்கள், செய்யவும் கூடாது. N0 எவ்வளவு என்று தெரிய t தெரிய வேண்டும், t தெரிய N0 வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்ஸ்கால் நிரல் எல்லா ஆண்டுகளையும் சோதித்து, எவை அளவீட்டோடு எந்த அளவு ஒத்துப்போகின்றன என்று நிகழ்தகவாகச் சொல்லும்:

```
R_Date("beam outer ring", 4103, 24);
```

விடை ஒற்றை ஆண்டாக வராது. 95 சதவீத நிகழ்தகவில் ஏறத்தாழ கி.மு. 2860 முதல் 2570 வரை, அதுவும் இடையில் இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக வரும். பிழை 24 ஆண்டுதானே, முந்நூறு எப்படி ஆனது? வளைகோடு நேராக இறங்காமல் அந்தப் பகுதியில் நெளிந்து, ஏறக்குறைய படுத்துக்கிடக்கிறது. சிதைவால் குறைந்த அளவும் காற்றில் குறைந்த அளவும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும்போது, நூறு ஆண்டு இடைவெளியில் வளர்ந்த இரண்டு வளையங்களில் இன்று ஒரே F இருக்கும். இங்கே அளவீட்டை இன்னும் துல்லியமாக்குவதில் பெரிய பயனில்லை, பணம்தான் வீண்.

பயன் தருவது வேறு உத்தி. உத்தரத்தில் வளையங்கள் தெளிவாக எண்ணக்கூடியதாக இருந்தால், நாற்பது நாற்பது வளைய இடைவெளியில் மூன்று நான்கு மாதிரி எடுங்கள். அவற்றுக்கு இடையே உள்ள ஆண்டு வேறுபாடு எண்ணிக்கையால் உறுதி. அந்த இடைவெளிகளோடு சேர்த்துக் கொடுத்தால், நிரல் உங்கள் மரத்தின் நெளிவை வளைகோட்டின் நெளிவின் மேல் நகர்த்திப் பொருந்தும் இடத்தைப் பிடிக்கும். எல்லை முந்நூறிலிருந்து சில பத்து ஆண்டுகளுக்குச் சுருங்கிவிடக்கூடும். ஆனால் எகிப்திய வேலமரம் இதற்கு மோசமான மரம். வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் ஆண்டுக்கு ஒன்று என்ற உறுதி இல்லை. ஓக், பைன் என்றால் நம்பி இறங்கலாம்.

எப்போது இந்த முறையைத் தொடவே கூடாது

பொருள் கி.பி. 1650க்கும் 1950க்கும் இடைப்பட்டது என்று நினைத்தால் காசைச் சேமியுங்கள். வளைகோடு அங்கே ஏறி இறங்குவதால் விடை பெரும்பாலும் ‘மூன்று நூற்றாண்டில் ஏதோ ஒன்று’ என்றுதான் வரும். பாட்டி காலத்துப் பெட்டகத்துக்கும் ஊஞ்சல் பலகைக்கும் இது உதவாது.

போலியைப் பிடிக்க மட்டும் ஒரு விதிவிலக்கு. 1950களிலும் 60களிலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகள் வடகோளக் காற்றின் கார்பன்-14ஐ 1963–64 வாக்கில் ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அறிக்கையில் F தெளிவாக 1ஐத் தாண்டியிருந்தால், அந்த வளையம் 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு வளர்ந்தது. மேலே எத்தனை கோட்டு பழுப்புச் சாயம் பூசியிருந்தாலும் சரி. F ஒன்றுக்குக் கீழே இருப்பது மட்டும் உண்மைப் பொருள் என்பதற்குச் சான்றல்ல. பழைய பலகை வாங்கிப் புதிதாகச் செதுக்குவது போலி செய்பவர்களின் பழைய வழக்கம்.

முடிவை எழுதும்போது ஆய்வக எண், `F14C` அல்லது `BP` மதிப்பு பிழையோடு, பயன்படுத்திய வளைகோட்டின் பெயர், 95 சதவீத எல்லை, சீவியது எத்தனையாவது வளையம், பட்டை இருந்ததா இல்லையா, இவை அத்தனையும் இருக்க வேண்டும். வளைகோடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. திருத்தப்படாத மூல எண் எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் புதிய வளைகோட்டில் மறுபடி போட்டுப் பார்க்கலாம். ‘கி.மு. 2677’ என்று மட்டும் எழுதி வைத்தால் அந்த அளவீட்டை மறுபடி யாராலும் பயன்படுத்த முடியாது.